நடுவில் செருகிய தாள்

அந்த அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர்தான். மூவரும் ஒரே குடும்பம். கட்டட வரைஞர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய இரண்டு தம்பிகளும் வேறு வேறு வேலைகளுக்குப் போய்விட, தம்பிகளின் மனைவிகள் இருவரும் அவரிடமே படம் வரையும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்தவள் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இளையவள் வந்து எட்டு மாதம். இருவரும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூத்தவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: டைரக்டரி அக்கா. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேஸ்திரிகள் வைத்த பெயர் அது. எந்த விவரம் எந்தத் தாளில் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். வரைய வரைய ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டே போவாள். நடுவில் புதிதாக ஒன்று வந்தால் 14A, அதற்குப் பிறகும் வந்தால் 14B. மாடிப்படியின் படம் பதினேழில் பாதியும் இருபத்தாறில் பாதியும் கிடக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது போன் அடிக்கும்.

“அக்கா, ஜன்னல் மேல வர்ற ஷேடு எதுல இருக்கு?”

“இருபத்திரண்ட எடுங்க. கீழ, வலது கைப்பக்கம் மூலையில பாருங்க. கெடச்சுதா?”

“கெடச்சிருச்சுக்கா. நீங்க இல்லன்னா நாங்க அம்போதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போது அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

பல் டாக்டர் ஒருவர் கீழே மருத்துவமனையும் மேலே வீடுமாக ஒரு சின்னக் கட்டடம் கட்ட வந்தார். சின்னக் கட்டடம்தான், ஆனால் படங்கள் முப்பதைத் தாண்டின. ஒவ்வொரு நாற்காலிக்கும் தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், எக்ஸ்ரே அறைச் சுவர் என்று விவரங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, இளையவள் அத்தானுடைய மேஜையில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அத்தான், இந்த வேலைக்கு நம்பர மாத்திப் பாக்கலாமா? நூறு வரிசைல எல்லாம் தளப் படம். இருநூறுல வெளித்தோற்றம். முந்நூறுல கட்டடத்த வெட்டிப் பாக்கற படங்க. நானூறு, மாடிப்படி, பாத்ரூம் மாதிரி பெருசாக்கிப் போடறது. ஐநூறு முழுக்க விவரம். அறுநூறு கதவு ஜன்னல் பட்டியல். முதல் தாள்ல மொத்தத்துக்கும் ஒரு அட்டவணை. முன்னாடி A போட்டா நம்மளோடது, S போட்டா இன்ஜினீயரோடது.”

“நடுவுல ஒண்ணு சேக்கணும்னா?”

“நடுவுல சேக்கவே மாட்டோம் அத்தான். அந்த வரிசையோட கடைசில அடுத்த நம்பர் குடுப்போம். ஒரு தடவ வெளிய போன நம்பர மாத்தவே கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்.”

அத்தான் பட்டியலை இரண்டு தடவை படித்தார். பிறகு மூத்தவளைப் பார்த்து, “நல்லாத்தான இருக்கு?” என்றார். அவள், “நல்லா இருக்கு அத்தான்” என்றாள். பிறகு ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து மறுபடி சீவினாள்.

இளையவள் சொன்னதோடு நிற்கவில்லை. எந்தப் படத்தில் எந்த இடத்துக்குப் பெரிய விவரம் இருக்கிறதோ, அங்கே ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் நடுவே ஒரு கோடு. மேலே விவரத்தின் எண், கீழே அது இருக்கும் தாளின் எண். மேலே 2, கீழே A-503 என்றிருந்தால் A-503ஆம் தாளை எடுத்து இரண்டாவது விவரத்தைப் பார்க்க வேண்டும். இந்த வட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் தாளோடு கட்டிவைத்தாள். தாளின் எண்ணை மாற்றினால் வட்டத்துக்குள்ளும் தானாக மாறிவிடும்.

முழுத் தொகுப்பும் அச்சாகி மேஸ்திரி கைக்குப் போயிற்று. முதல் வாரம் போன் அடித்தது ஆறு தடவை. இரண்டாவது வாரம் இரண்டு தடவை. மூன்றாவது வாரம் அடிக்கவே இல்லை.

மூத்தவள் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “தொல்லை விட்டுதுன்னு இரேன். நிம்மதியா உக்காந்து வரையலாம்ல?” என்றார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? தொல்லைதான் அவளுக்கு மரியாதையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்.

டாக்டர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். படக்கட்டைப் புரட்டிவிட்டு, “எனக்கே புரியுதுங்க. இத இவ்வளவு அழகா அடுக்கினது யாரு?” என்றார். அத்தான் பெருமையாக இளையவளைக் காட்டினார். “எங்க வீட்டுச் சின்ன மருமக.” அந்த முப்பத்தாறு தாள்களில் இருபத்து நான்கை வரைந்தவள் மூத்தவள். கோடு கோடாக அவள் கை. அடுக்கியவளுக்குப் பாராட்டு, வரைந்தவள் எழுந்து போய் டாக்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து இளையவள் எது செய்தாலும் அவளுக்குக் குத்தியது. பென்சிலைச் சீவினாலும் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும்போது இளையவள் தட்டுகளை அளவுவாரியாக அடுக்கியதைப் பார்த்து, “தட்டுக்கும் நம்பர் போட்டுடேன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இளையவளும் சிரித்தாள். மூத்தவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சுவர்கள் எழும்பி மேல்தளம் போட்டான பிறகு, இளையவளின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவள் பத்து நாள் லீவில் போனாள். அவள் போன மறுநாளே டாக்டர் போன் செய்தார். கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியோடு வருகிறவர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டுமாம். அத்தான் மூத்தவளைக் கூப்பிட்டார்.

“நீயே போட்டுடும்மா. கீழ்த்தளப் படத்துல சேத்துட்டு, விவரத்துக்குத் தனியா ஒரு ஷீட்டு. ஐநூறு வரிசைல கடைசில, A-507னு வச்சிடு.”

“சரி அத்தான்.”

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். நல்ல படம். கைப்பிடிகள், சக்கர நாற்காலி திரும்புவதற்கான இடம், நாற்காலி தட்டாமல் உள்ளே போகும்படி தரையோடு தரையாக ஒரு வாசல்படி. முடித்துவிட்டுப் பட்டியலைத் திறந்தாள். அவளுடைய புதுத் தாள் எல்லாவற்றுக்கும் கீழே, பரணில் போடும் சாமான் மாதிரிக் கிடந்தது. மற்றக் கழிப்பறை விவரங்கள் A-502இல் இருந்தன. அதற்கு அடுத்து வருவதுதானே நியாயம்? யாருடைய கண்டிஷன் அது? பதினான்கு வருஷம் வேலை செய்தவள் ஒரு தாளை எங்கே வைப்பது என்று நேற்று வந்தவளைக் கேட்க வேண்டுமா?

தாளை இழுத்து நடுவில் செருகினாள். புதியது A-503 ஆயிற்று. பழைய 503 நகர்ந்து 504 ஆயிற்று, 504 நகர்ந்து 505. இப்படியே கடைசிவரை. ஒரு நிமிஷம் பயந்துபோய் மேல்தளப் படத்தைத் திறந்து பார்த்தாள். வட்டங்களுக்குள் எண்கள் தாமாகவே மாறியிருந்தன. 2/A-503 இப்போது 2/A-504. எல்லாம் சரி. ‘அவ மட்டுந்தான் இதெல்லாம் செய்யணுமா என்ன’ என்று நினைத்துக்கொண்டாள். புதுத் தாளையும் எண் மாறிய நான்கு விவரத் தாள்களையும் கீழ்த்தளப் படத்தையும் அச்செடுத்து, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளச் சொல்லி மேஸ்திரிக்கு அனுப்பிவிட்டாள். மேல்தளப் படத்தில்தான் எதையும் மாற்றவில்லையே, அதை எதற்கு அனுப்புவது? எந்தத் தாள் எப்போது வெளியே போனது என்று எழுத இளையவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் எழுதவும் இல்லை.

கம்ப்யூட்டரில் எண் மாறும். மேஸ்திரி கையிலிருக்கும் காகிதத்தில் எப்படி மாறும்? இது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

இளையவள் லீவு முடிந்து வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மேல் வீட்டை ஒட்டிய மொட்டைமாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். தளம் ஒழுகுகிறதா என்று பார்க்க, வடிகாலை அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துவது வழக்கம். தளம் ஒழுகவில்லை. ஆனால் தண்ணீர் மொட்டைமாடிக் கதவு வழியாக நேராக வீட்டுக்குள் நடந்து வந்துவிட்டது. தண்ணீரைத் தடுக்கக் கதவின் அடியில் இருக்க வேண்டிய ஆறு அங்குலச் சிமெண்டுக் கட்டையைக் காணோம். தரையோடு தரையாக, வழுவழுவென்று, அழகான வாசல்படி.

அத்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓடினார். மேஸ்திரி படத்தை விரித்து வைத்திருந்தார்.

“பாருங்க சார், நான் படத்துல இருக்கறதத்தான் செஞ்சேன். மாடிப் படத்துல இந்தக் கதவுல என்ன போட்டிருக்கு? ரெண்டு, A-503. A-503ல ரெண்டாவது என்ன? இதோ, ‘கதவு வாசல்படி’. தரைமட்டமாத்தான் காட்டியிருக்கு. டாக்டர் மாடிலயும் சக்கர நாற்காலி போகணும்னு கேட்டிருப்பாருன்னு நெனச்சேன்.”

மூத்தவளுக்குக் காலின் கீழிருந்த ஈரம் தலைவரை ஏறியது. தலைப்பில் எந்தக் கதவு என்று எழுதாமல் விட்டதும் அவள்தான். இளையவள் எழுதியிருந்தால் ‘கீழ்த்தளக் கழிப்பறைக் கதவு’ என்று எழுதியிருப்பாள்.

இளையவள் தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “503ல மொட்டைமாடிக் கதவு இருந்துதே... இது எப்படி இங்க வந்துச்சு? நான் லீவுக்கு முன்னாடி ஏதாவது மாத்தினேனா?”

அத்தானுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். “நம்பர் நம்பர்னு உயிர விட்டியே. பதினாலு வருஷமா ஒண்ணு ரெண்டுன்னு போட்டோம். ஒரு கதவு தப்பாப் போனதில்ல.”

A-507 என்று வைக்கத் தானே சொன்னது அந்தக் கோபத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. மூத்தவளுக்கு நினைவிருந்தது. சொல்ல வேண்டிய நிமிஷம் கண்முன்னாலேயே வந்து நின்று, கடந்து போய்விட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அத்தான் சொன்னார்: “இன்னையிலேர்ந்து பழையபடியே போட்டுக்கலாம். ஒண்ணுலேர்ந்து வரிசையா. பெரியவளே பாத்துக்கட்டும்.”

இதைத்தானே அவள் மாதக்கணக்கில் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்? கேட்டது கையில் வந்து விழுந்தது. அன்று இரண்டு மணிநேரம் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தாள். டீ கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

ஆனால் எதிர் மேஜையில் இளையவள் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகத் தேடிக்கொண்டிருந்தாள். தன் தப்பை. தன் தப்பை மட்டும்தான். “அக்கா, அம்மா ஆபரேஷன் டென்ஷன்ல நான் எதையோ அழுத்தித் தொலச்சிருக்கேன் போல” என்று ஒரு தடவை சொன்னாள். அந்தப் பத்து நாளும் இந்த அறையில் இருந்தது யார் என்று கணக்குப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. மூத்தவளுக்கு அது எங்கேயோ ஆழத்தில் எரிந்தது. சந்தேகப்படுவதற்குக்கூட நான் ஒரு ஆளாகத் தெரியவில்லையா?

மறுநாள் காலை மேஸ்திரிக்கு அவளே போன் செய்தாள். “இனிமே பழைய மாதிரியே நம்பர் வரும்ங்க. எது வேணும்னாலும் என்னக் கேளுங்க, நான் சொல்றேன்.”

அந்தப் பக்கம் மேஸ்திரி யாரையோ வேலையை நிறுத்தச் சொன்னார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதே இருக்கட்டுமே. ஏதோ ஒரு கதவு தப்பாயிடுச்சு, சரி. ஆனா இதுல எனக்கே தேடத் தெரியுது. விவரம்னா ஐநூறு, எடுத்தா வந்துருது. நீங்க சாப்பிடற நேரம், பஸ்ல வர்ற நேரம்னு பாத்துப் பாத்து உங்களக் கூப்பிட எனக்கே சங்கடமா இருக்கும்க்கா முன்னாடியெல்லாம்.”

போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நீங்க இல்லன்னா அம்போ’ என்று சொன்ன அதே வாய். அது பாராட்டு என்றல்லவா இத்தனை வருஷம் மடியில் கட்டிவைத்திருந்தாள்.

எழுந்தாள். இளையவள் நோட்டில் குனிந்திருந்தாள். அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கழிப்பறை ஷீட்ட நடுவுல செருகினது நான்தான்” என்றாள் மூத்தவள். “அத்தான் கடைசில வைக்கச் சொன்னாரு. நான்தான் 503னு மாத்தினேன். மாடிப் படத்த அனுப்பல. நோட்டுலயும் எழுதல.”

இளையவள் மெல்ல நிமிர்ந்தாள். “ஏன்க்கா?”

“என் ஷீட்டு கடைசில கெடக்கக் கூடாதுன்னு.”

“அவ்வளவுதானா?”

“இல்ல.” இளையவளின் நோட்டைப் பார்த்துச் சொன்னாள். “நீ சொன்ன மாதிரி செய்யக் கூடாதுன்னு.”

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். “நேத்து மாடில நின்னு நான் அவளப் பேசினப்போ நீ பக்கத்துலதானம்மா நின்ன?” என்று மட்டும் கேட்டார்.

இளையவள் நோட்டை மூடிவிட்டு எழுந்து வெளியே போனாள். அழுதுகொண்டு போகவில்லை. கதவைச் சாத்திய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. திரும்பி வந்ததும், “மொதல்ல நம்பர சரி பண்ணுவோம்” என்றாள். ‘அக்கா’ இல்லை. அடுத்த ஒரு வாரம் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தலைவலி என்று வரவில்லை. மூத்தவளின் புருஷன் இலேசாக விஷயம் தெரிந்துகொண்டு, “தப்ப ஒத்துக்கிட்டியே, அப்புறம் என்ன கோவம் அவளுக்கு?” என்றார். “என்ன கோவமா? நியாயமான கோவம்” என்று மூத்தவள் எரிந்து விழுந்தாள்.

பழைய 503 மறுபடி 503 ஆயிற்று. மற்றவையும் முதலில் வெளியே போன எண்ணுக்கே திரும்பின. கழிப்பறைத் தாள் A-507 என்று கடைசிக்குப் போயிற்று. வேலையிடத்தில் இரண்டு விதமான எண்கள் கலந்து கிடந்ததால் முழுத் தொகுப்பையும் புதுத் தேதி போட்டு, திருத்த எண் போட்டு, ஒன்றாக அனுப்ப முடிவாயிற்று. பழைய காகிதங்களைத் திரும்ப வாங்கி வருவது மூத்தவளின் பொறுப்பு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மணல், கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று தாண்டிப் போய், ஒவ்வொரு தாளாக அட்டவணையோடு ஒத்துப்பார்த்து எடுத்தாள். ஒன்று குறைந்தது. அதைத் தச்சர் சிமெண்டு மூட்டையின் மேல் விரித்து உட்கார்ந்திருந்தார். எழுப்பி வாங்கினாள். மாடியில் மொட்டைமாடிக் கதவின் நிலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டை எழுப்பி, நிலையின் காலை வெட்டிப் பொருத்தி, நீர் தடுக்கும் பூச்சைக் கட்டையின் மேல்வரை ஏற்றிப் பூச நாலு நாள் ஆகும் என்றார் மேஸ்திரி. உளி சத்தம் ஒவ்வொன்றும் அவள் மேலேயே விழுவது போலிருந்தது.

வெளியே அனுப்பும் முன் எல்லா வட்டங்களையும் அச்சுத் தாளில் ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும் என்றாள் இளையவள். நூற்றுத் தொண்ணூற்றாறு வட்டங்கள். மூத்தவள் பச்சைப் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் போட்டாள். நூற்று முப்பத்தொன்றில் நின்றாள். மாடிப்படிக் கைப்பிடிக்கான வட்டம் 4/A-505 என்றிருந்தது. A-505இல் மூன்று விவரங்கள்தான். இளையவள் போட்ட வட்டம். கம்ப்யூட்டரோடு கட்டாமல் கையால் தட்டிவிட்டது.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தமாகச் சொல்ல வேண்டும், அத்தான் காதில் விழும்படி. வாயைத் திறந்தாள். பிறகு எழுந்துபோய் இளையவளின் மேஜையில் தாளை வைத்து, பச்சைப் பேனாவால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

இளையவள் பார்த்தாள். காது சிவந்தது. “மூணுன்னு இருக்கணும்” என்றாள். கொஞ்சம் கழித்து, “நல்லவேளை பாத்தீங்கக்கா” என்றாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த வருஷக் கடைசியில் ஒரு சின்ன நூலகக் கட்டடம் வேலைக்கு வந்தது. இளையவள் முந்திக்கொள்ளக் கூடாது என்று மூத்தவள் ஒரு கோடுகூட வரைவதற்கு முன்பே, பஸ்ஸில் நின்றுகொண்டே, ஒரு காகிதத்தில் அட்டவணையை எழுதி முடித்தாள். நூறு, இருநூறு, முந்நூறு. எந்த வரிசையில் எத்தனை தாள் வரும் என்று அனுபவத்தில் யோசித்துப் போட்டிருந்தாள். காலையில் அத்தான் வருவதற்குள் அதை இளையவளின் முன்னால் வைத்தாள்.

இளையவள் வரிவரியாகப் படித்தாள். அவள் முகத்தில் ஓடியது என்னவென்று மூத்தவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கண்ணாடியில் நிறையத் தடவை பார்த்த முகம்.

“புத்தக அலமாரிய எதுக்கு நானூறுல வச்சீங்க?” என்றாள் இளையவள். “அது விவரம். ஐநூறு.”

“பெருசாக்கிப் போடற படம் அது. நானூறுதான்.”

“அலமாரி மூட்டு எப்படிச் சேருதுன்னு காட்டினா?”

“அந்த மூட்டு மட்டும் ஐநூறுல வரட்டும். அலமாரி நானூறுல இருக்கட்டும். நடுவுல வட்டம் போட்டுக்கலாம்.”

“அப்ப மேஸ்திரி ரெண்டு தாள் எடுக்கணுமே!”

“எடுக்கட்டுமே, கை என்ன தேஞ்சா போயிடும்?”

அத்தான் குடையை மடக்கியபடி உள்ளே வந்தபோது இருவரும் ஒரே காகிதத்தின் மேல் குனிந்து, விட்டுக்கொடுக்காமல் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.